ஸ்கேன் நார்மல், பையனுக்குத் தலைவலி: மூளை அதிர்ச்சிக்குப் பிறகு எப்போது களம் இறங்கலாம்?

"என் மகனுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை கபடியில் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது ரெய்டரின் முட்டி காதுக்கு மேலே இடித்துவிட்டது. மயக்கம் போடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பேந்தப் பேந்த விழித்தான், ஒரு முறை வாந்தி எடுத்தான். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நார்மல், லேசான மூளை அதிர்ச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று வியாழன். இன்னும் தலைவலி, வெளிச்சம் பிடிக்கவில்லை, பத்து நிமிடம் படித்தால் தலை கிறுகிறுக்கிறது என்கிறான். ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் இது ஏன்? எதைக் கண்டால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? அடுத்த வாரம் சனிக்கிழமை மாவட்டப் போட்டி. ஆடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் போட்டியில் ஆட வேண்டாம். அடிபட்ட நாளிலிருந்து அது 13ஆம் நாள். இன்று தலைவலி இருக்கிற பையன் அதற்குள் முழுவதும் தேறிவிட்டான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏன் என்பது உங்கள் முதல் கேள்வியில்தான் இருக்கிறது.

சி.டி. ஸ்கேன் ஒரே ஒரு அவசரக் கேள்விக்கு விடை தேடுகிறது. மண்டையோட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா, மூளை வீங்கியிருக்கிறதா? உடனே ஆபரேஷன் தேவையா என்பதை அதை வைத்து முடிவு செய்வார்கள். உங்கள் மகனுக்கு "இல்லை" என்று விடை வந்தது பெரிய நிம்மதிதான். ஆனால் மூளையின் செல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அந்த ஸ்கேன் பார்ப்பதே இல்லை. வீட்டில் சுவர் எல்லாம் நன்றாக நிற்கிறது, ஆனால் கரண்ட் சரியாக வரவில்லை என்றால், சுவரைப் படம் எடுத்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா? மூளை அதிர்ச்சி என்பது பெரும்பாலும் கரண்ட் கோளாறு.

உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். மூளை கிட்டத்தட்ட நுங்கு மாதிரி மென்மையானது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கிறது. ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். சொம்பு உடனே திரும்பிவிடும், தண்ணீர் கொஞ்சம் பின்தங்கித் திரும்பும். முட்டி பக்கவாட்டில் இடித்ததும் தலை வெடுக்கென்று திரும்புகிறது, மூளை அந்தத் தண்ணீரைப்போல ஒரு கணம் பின்தங்குகிறது. அந்த ஒரு கணத்தில் மூளைக்குள் ஓடுகிற நீளமான நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கப்படுகின்றன. பெரும்பாலும் அவை அறுவதில்லை, இழுபடுவதோடு சரி. தலை எதிலும் மோதாமல் உடம்பு பலமாகக் குலுங்கினால்கூட மூளை அதிர்ச்சி வருவது இதனால்தான். ஹெல்மெட் மண்டையோடு உடைவதைத் தடுப்பதுபோல இதை அவ்வளவாகத் தடுக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

இழுபட்ட நரம்பு செல்லின் சுவரில் தற்காலிகமாக ஓட்டைகள் திறக்கின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. வெளியே இருக்க வேண்டிய சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. குளூட்டமேட் என்ற தூண்டுபொருள் வகைதொகை இல்லாமல் வெளிப்பட்டுப் பக்கத்துச் செல்களையும் கிளப்பிவிடுகிறது. இந்தக் களேபரத்தை ஒழுங்குபடுத்த ஒவ்வொரு செல்லின் சுவரிலும் பம்புகள் இருக்கின்றன, அவை முழுவேகத்தில் ஓடத் தொடங்குகின்றன. பம்பு ஓட எரிபொருள் வேண்டும், அது ரத்தம் கொண்டுவருகிற குளூக்கோஸ். சிக்கல் இங்கேதான் வருகிறது. தேவை எகிறுகிற அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது, மோட்டார் போட்டு இறைக்கிறோம், அந்த நேரம் பார்த்து லோ வோல்டேஜ். போதாததற்கு, உள்ளே புகுந்த கால்சியம் செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் போய் அடைத்துக்கொள்கிறது.

முதல் சில மணி நேரம் இப்படி வெறிபிடித்து எரிபொருளை எரித்த மூளை, அடுத்து நேர்மாறான நிலைக்குப் போகிறது. குளூக்கோஸைப் பயன்படுத்தும் வேகமே குறைந்து மந்தமாகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் இந்த மந்தம் ஒரு வாரம், பத்து நாள் வரை நீடித்தது. மனிதர்களில் இன்னும் கூடுதல். மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் தனிவகை எம்.ஆர்.ஐ. மூலம் இத்தாலியில் விளையாட்டு வீரர்களைப் பார்த்தபோது, தலைவலி எல்லாம் இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது, ஆனால் மூளையின் வேதியியல் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 30 நாள் ஆனது. அதாவது "எனக்குச் சரியாகிவிட்டது" என்று பையன் உண்மையாகவே சொல்லும் நாளிலும் உள்ளே வேலை பாக்கி இருக்கும்.

உங்கள் மகன் பத்து நிமிடம் படித்ததும் கிறுகிறுப்பதை இப்போது புரிந்துகொள்ளலாம். படிப்பது என்றால் கண்ணை வரியில் நிறுத்தி நகர்த்த வேண்டும், அர்த்தத்தை மனதில் வைத்திருக்க வேண்டும், சுற்றிலும் கேட்கும் சத்தத்தை விலக்க வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஃபேன் மட்டும் போட்டால் ஓடுகிறது, மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் விளக்கு மங்குகிறது. பையன் சோம்பேறித்தனத்துக்காக நடிக்கிறான் என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மயக்கம் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. கல்லூரியில் எனக்கே நடந்திருக்கிறது. ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்து தொடர்ந்து ஆடினேன், இரண்டு பாயின்ட்கூட எடுத்தேனாம். அடுத்து ஸ்கோர் என்ன என்று ஒரே நிமிடத்தில் மூன்று முறை கேட்டேன், இடைவேளை முடிந்து எதிரணிப் பக்கம் போய் நின்றேன். எல்லோரும் சிரித்தார்களே தவிர யாரும் என்னை வெளியே கூப்பிடவில்லை. அந்த இடைவேளை இன்றுவரை எனக்கு நினைவில் இல்லை. களத்தில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இது எந்த மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசிப் பாயின்டை எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா? இவற்றில் ஒன்றுக்குத் தடுமாறினால் ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் தப்பித்தான் என்றும் அர்த்தமில்லை.

அறிகுறி தாமதமாக வரும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. கீழே விழுந்தார், வெளியே கூட்டிப்போய்ச் சோதித்தார்கள், தேறினார். சுமார் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து 92 ரன்னில் அவுட் ஆனார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலியும் மந்தமும். மறுசோதனையில் சரிவு தெரிந்தது. அவரை விலக்கி மார்னஸ் லபுஷேனை இறக்கினார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சி வந்தவருக்குப் பதிலாக இறங்கிய முதல் மாற்றுவீரர் அவர்தான், அப்படி ஆளை மாற்றலாம் என்ற விதி வந்தே சில வாரம்தான் ஆகியிருந்தது. ஸ்மித் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. அதற்கடுத்து மான்செஸ்டரில் வந்து 211 அடித்தார். பக்கத்திலேயே மருத்துவர் குழு இருந்த ஒருவருக்கே முதல் நாள் சோதனை நல்லபடியாக வந்து மறுநாள் மாறியது என்பதைக் கவனியுங்கள்.

சரி, ஆபத்து அறிகுறிகள். தலையில் அடிபட்ட பிறகு உண்மையில் பயப்பட வேண்டியது ரத்தக் கசிவுக்கு. உங்கள் மகனுக்கு அடிபட்ட இடம், காதுக்கு மேலே, மண்டையோட்டின் மெல்லிய பகுதி. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால் எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கும். இதில் உள்ள வஞ்சகம் என்னவென்றால், ஆள் முதலில் தெளிந்து எழுந்து, பேசி, சாப்பிட்டுக்கூட இருப்பார். சில மணி நேரம் கழித்து, தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கியதும் திடீரென்று சரிவார். நேரத்தோடு ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்துவிட்டால் பிழைத்து நன்றாக இருப்பார்கள், தாமதமானால் உயிர் போகும். அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் தனியாக விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே கவனிக்க வேண்டியது நிலை எந்தப் பக்கம் போகிறது என்பதை. இருக்கிற தலைவலி மெல்லக் குறைகிறதா, ஏறிக்கொண்டே போகிறதா? ஏறிக்கொண்டே போனால், பாரசிட்டமாலுக்கும் அடங்காமல் தாங்க முடியாத வலியானால், உடனே கிளம்ப வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பினால் சரியாக எழாமல் மறுபடி சாய்வது, பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் பேசுவது, வழக்கத்துக்கு மாறாக முரண்டுபிடித்துக் கத்துவது, வலிப்பு, கை காலில் பலவீனம் அல்லது மரத்துப்போவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கழுத்தெலும்பில் வலி, காது அல்லது மூக்கிலிருந்து தண்ணீர்போலத் திரவம் வடிவது, காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ தானாகக் கருநீலம் கட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அழையுங்கள், நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்திருப்பதைப் பலரும் டார்ச் அடித்துத் தேடுகிறார்கள். அது தாமதமாக வரும் அடையாளம். அதற்கு முன்பே பையன் மந்தமாகியிருப்பான், கண்ணைவிட ஆளைப் பாருங்கள். முதலில் எடுத்த ஸ்கேன் நார்மல் என்ற காகிதம் கையில் இருந்தாலும் போக வேண்டியதுதான். அந்தப் படம் எடுத்த நிமிடத்துக்கு மட்டுமே அது சாட்சி.

உங்கள் மகனுக்கு நாலு நாள் ஆகிவிட்டது, வலி ஏறவில்லை, ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டிவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால், இந்த நிலையில் அது புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இதேபோல் அடிபட்டால் மட்டும் கணக்கு வேறு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற முதியவருக்கு மெதுவான கசிவு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடக் குழப்பமாகவும் தடுமாற்ற நடையாகவும் தெரியவரும்.

தூங்கவே விடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். முதல் சில மணி நேரம் கூடவே இருந்து பார்த்த பிறகு, மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் தாராளமாகத் தூங்கட்டும். பம்பு வேலை நடக்கத் தூக்கம் தேவை. முதல் இரவு ஓரிரு முறை எழுப்பி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்த்தால் போதும். முதல் இரண்டு நாள் வலிக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கசிவைக் கூட்டக்கூடும்.

இனி, ஏன் ஆடக் கூடாது. சின்ன வயதில் தலையோடு தலை முட்டிக்கொண்டால், "ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்கும்" என்று சொல்லி வேண்டுமென்றே இன்னொரு முறை முட்டுவோமே, நினைவிருக்கிறதா? மூளை அதிர்ச்சி வந்தவருக்கு அந்த இரண்டாவது முட்டல்தான் உண்மையான எதிரி. முதல் அடியின் கணக்கை இன்னும் தீர்க்காத செல்கள் இரண்டாவது அடியைச் சமாளிக்க எரிபொருள் இல்லாமல் தவிக்கும். முதல் அடியைவிடச் சின்ன அடிகூட வாரக்கணக்கில் படுத்த வைக்கலாம். மிக அரிதாக, பெரும்பாலும் வளரிளம் பருவத்தினருக்கு, மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிரையே எடுத்திருக்கிறது. அடிபட்டவனுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் வேகம் ஒரு கணம் பிந்தும். கபடியில் ஒரு கணம் என்பது முட்டிக்கும் மண்டைக்கும் உள்ள தூரம்.

அதற்காக இருட்டறையில் இரண்டு வாரம் படுக்கப் போடவும் வேண்டாம். முன்பு மருத்துவர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், அது தவறு என்று பின்னால் தெரிந்தது. முழு ஓய்வு என்பதெல்லாம் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குத்தான். அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம், செல்போனை மட்டும் நன்றாகக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகு அளவான நடை, லேசான சைக்கிள் ஆகியவை குணமாவதை வேகப்படுத்துகின்றன. அமெரிக்காவின் பஃபலோவில் வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வு ஒன்றில், சீக்கிரம் அளவான உடற்பயிற்சி தொடங்கியவர்கள் சராசரியாக 13 நாளிலும், வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள்.

2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த படிகளை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் வேண்டும்.

இன்றும் நாளையும் வீட்டு வேலை, மாடிப்படி, காலையில் 15 நிமிட நடை. கூடவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நடைக்கு முன்னும் பின்னும் அவனிடமே கேட்டு எழுதுங்கள். மூன்று இருந்தது ஐந்தானால், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால், பரவாயில்லை. அதற்கு மேல் ஏறினாலோ தணியாமல் நீடித்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் கொஞ்சம் குறைத்துச் செய்ய வேண்டும்.

அதைத் தாங்கினால் வேகநடை அல்லது நிற்கும் சைக்கிள். இங்கே நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டும். 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, 15 வயதுக்கு 205. முதலில் அதில் 55 சதவீதம் வரை, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 113. அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம் வரை, சுமார் 143. மணிக்கட்டில் கைவைத்து 15 நொடி எண்ணினால் முதலாவது 28, இரண்டாவது 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தனியாக ஓட்டம், கோட்டைத் தொட்டுத் திரும்புவது, கால் வைப்புப் பழகுவது. யாரும் எதிரே நிற்கக் கூடாது. இந்த மூன்று படிவரை லேசான தலைவலி மிச்சம் இருந்தாலும் போகலாம்.

நாலாவது படியில்தான் கறாராக இருக்க வேண்டும். அணியோடு சேர்ந்து, ஆனால் பிடி இல்லாமல், ரெய்டு பாடிப் பழகும் கட்டம் அது. அதற்குமுன் உட்கார்ந்திருக்கும்போதும், மூச்சிரைக்க ஓடிய பிறகும், ஒரு அறிகுறியும் இருக்கக் கூடாது. ஐந்தாவது படி முழுப் பிடியோடு பயிற்சி, அதற்குமுன் மருத்துவர் நேரில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஆறாவதுதான் போட்டி. ஒவ்வொரு படியும் ஒரே நாளில் தாண்டினால் 13ஆம் நாளுக்குள் எட்டிவிடலாமே என்று கோச் கணக்குப் போடுவார். பிரிட்டனில் பள்ளி, கிளப் அளவிலான ஆட்டங்களுக்கு 2023இல் வந்த வழிகாட்டல், 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது என்கிறது. சும்மா இருக்கும்போது அறிகுறி இல்லாமல் 14 நாள் கழிந்தால்தான் மோதல் உள்ள பயிற்சியே உண்டு. ஸ்மித்துக்கு இருந்த மாதிரி மருத்துவர் குழு பக்கத்தில் இல்லாதவர்களுக்காகப் போட்ட கோடு அது, நம் பையன்களுக்கும் அதுவே பொருந்தும். உங்கள் மகனின் தலைவலி இந்த ஞாயிறோடு நின்றால்கூடப் பிடி பழகவே அடுத்த இரண்டு வாரம் ஆகும்.

பள்ளிக்கூடம் விளையாட்டுக்கு முன்னால் வர வேண்டும். வீட்டில் அரை மணி நேரம் தொந்தரவு இல்லாமல் படிக்க முடிந்ததும் அரைநாள் அனுப்பிப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, நடுநடுவே கண்ணை மூடி உட்கார அனுமதி வாங்குங்கள். இந்த வாரம் டெஸ்ட் எழுத வைக்காமல் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பி.டி. பீரியடில் உட்கார்ந்திருக்கட்டும். முழுநாள் பள்ளி சிரமமில்லாமல் போகிற வரைக்கும் மேலே சொன்ன நாலாவது படியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இந்த வயதில் பெரும்பாலோர் நாலு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள், பெரியவர்கள் பொதுவாக இரண்டு வாரத்தில். நாலு வாரம் தாண்டியும் தலைசுற்றல் நின்றபாடில்லை என்றால் காரணம் மூளையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதே அடியில் கழுத்துத் தசை சுளுக்கியிருக்கலாம், உள்காதின் சமநிலை உறுப்பு குலைந்திருக்கலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுழல்கிறது என்று சொன்னால் அது பெரும்பாலும் உள்காது, அதற்குத் தலையைக் குறிப்பிட்ட முறையில் சாய்த்துத் திருப்பும் எளிய சிகிச்சை உண்டு. கழுத்தைத் திருப்பினால் தலைவலி கிளம்புகிறது என்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அப்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப்போங்கள், எந்த அசைவுக்கு எவ்வளவு வலி என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.